கைப்பிடியை வளைத்துப் பாருங்கள்

இன்ஸ்டாகிராமில் தோல் பை விற்கும் சிறு பட்டறைகளின் பக்கங்களைக் கொஞ்ச நேரம் புரட்டினால் எல்லாப் பதிவுகளையும் ஒரே ஆள் எழுதியதுபோல இருக்கும். நல்ல வேலையை விட்டுவிட்டுக் கனவைத் தேடிப் போன நிறுவனர், ஒவ்வொரு தையலிலும் அன்பு, கடைசியில் 'நூறு சதவீதம் அசல் தோல், வாழ்நாள் முழுக்க உழைக்கும்'. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஆறாயிரம் ரூபாயை ஜிபே செய்யப் போகிறவர் அன்பைத் தேடி அங்கே வருவதில்லை. ரெக்சினைத் தோல் என்று தலையில் கட்டிவிடுவார்களோ, கைப்பிடி ஆறு மாதத்தில் பிய்ந்தால் யாரைக் கேட்பது என்பதுதான் அவர் கவலை.

கடையில் என்றால் பையை எடுத்து முகர்ந்து பார்ப்போம், மடித்துப் பார்ப்போம், உள்ளே கைவிட்டுத் தையலைத் தடவுவோம். போனில் அதெல்லாம் முடியாது. அந்த வேலையைப் படத்துக்குக் கீழே எழுதும் கேப்ஷன்தான் செய்ய வேண்டும். பை வீட்டுக்கு வந்ததும் வாங்கியவர் தன் கையாலேயே சரிபார்க்கக் கூடியதை எழுதுவதுதான் அதற்கு வழி. கனவை யாரும் சரிபார்க்க முடியாது. தையலைப் பார்க்கலாம்.

பல்லாவரம் பக்கம் நான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். பட்டறை என் கற்பனைதான், வேலை கற்பனை இல்லை. நிறுவனர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். பெரியமேட்டில் தோல் எடுத்து, அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் தோள்பை ஒன்றை இருபத்தைந்து எண்ணிக்கையில் போட்டிருக்கிறார். அதற்கு ஒரு கேப்ஷன் வேண்டும். 'அசல் தோலில் கையால் செய்தது' என்று ஆரம்பித்து வைத்திருக்கிறார். அந்த வரியில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதல் சிக்கல் 'அசல் தோல்'. மாட்டுத்தோல் கனமானது. அதை மெஷினில் கொடுத்து இரண்டு அடுக்காகப் பிளக்கிறார்கள். மயிர் இருந்த பக்கத்து மேலடுக்கில் நார்கள் நெருக்கமாக இருக்கும், வலுவும் அங்கேதான். பிளந்தபின் மிஞ்சும் கீழடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி, தோல் ரேகையை அச்சாக அழுத்தினால் அதுவும் பார்வைக்குத் தோல்தான். அதை 'அசல் தோல்' என்று விற்பவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது, அது விலங்கின் தோலில் வந்ததுதானே. ஆனால் மடிப்பு விழும் இடங்களில் பூச்சு வெடித்து உரியத் தொடங்கும். வாங்கியவருக்கு ஏமாந்த உணர்வு மிஞ்சும். ஆக 'அசல்' என்ற சொல்லால் நல்ல தோலையும் மட்டத் தோலையும் பிரித்துக் காட்ட முடிவதில்லை. நம் நிறுவனர் வாங்கியது மேலடுக்குத் தோல், மேலே தேய்த்து மழுப்பாதது, 1.8 மில்லிமீட்டர் கனம், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டு 'அசல்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

பட்டைப் பதனீடு நம் ஊருக்குப் பழைய வேலை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்த மரபு தமிழ்நாட்டுடையது. 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இன்று சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. அது மட்டம் என்று அர்த்தமில்லை. மென்மையாக இருக்கும், தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள், வித்தியாசத்தை வாங்குபவரே பார்க்கலாம். பட்டைத் தோலை வெட்டிய விளிம்பு உள்ளே வரை பழுப்பாக இருக்கும். பூச்சு போடாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் கறுக்கும். குரோம் தோலின் விளிம்பில் நடுவே பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் கோடு தெரியும்.

அடுத்த சிக்கல் 'கையால் செய்தது'. பட்டறையில் தையல் மெஷின் ஓடுகிறது. பையின் நீளத் தையல் எல்லாம் மெஷினில்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நேராகவும் சீராகவும் வரும். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருக்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தால் இழுப்பு விழ விழ அக்கம்பக்கத்துத் தையலும் தளர்ந்துவிடும். அதனால் கைப்பிடி சேரும் நான்கு இடங்களில் மட்டும் மாஸ்டர் ஊசி பிடிக்கிறார். மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் ஊசியை விடுகிறார். ஒரு தையல் அறுந்தாலும் மற்ற தையல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். எது மெஷின், எது கை என்று பிரித்துச் சொன்னாலே படிப்பவருக்கு இது வேலை தெரிந்தவர் எழுதியது என்று புரியும். 'முழுக்கக் கைவேலை' என்று எழுதி, பிரித்துப் பார்த்தவர் சீரான மெஷின் தையலைக் கண்டால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினால் கேப்ஷன் இப்படி வரும்:

"இந்தப் பையை முழுக்கக் கையால் தைக்கவில்லை. கைப்பிடி சேரும் நான்கு இடத்தை மட்டும் கையால் தைத்தோம்.

தோள்பை முதலில் விடுவது அந்த இடத்தில்தான். பழைய வேலையில் திரும்பி வந்த பைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றது அது. அதனால் அங்கே எங்கள் மாஸ்டர் இரண்டு ஊசியால் தைக்கிறார். மற்ற தையல் மெஷின்.

தோல், பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், மேலடுக்கு, 1.8 மி.மீ. கைப்பிடியை முதுகுப் பக்கத்துத் தோலில் மட்டும் வெட்டுகிறோம். வயிற்றுப் பக்கத் தோல் பாரம் தாங்காமல் நீண்டுவிடும். அதனால் ஒரு தோலில் இரண்டு பைதான் வருகிறது.

சில பைகளில் கழுத்துச் சுருக்கமும் உண்ணி கடித்த தடமும் இருக்கும். உங்களுக்கு வரும் பையையே படம் எடுத்து அனுப்புவோம், பார்த்தபின் பணம் கட்டுங்கள்.

மழையில் நனைந்தால் கறை விழும். முதல் சில வாரம் வெள்ளைச் சட்டையோடு உரச விட வேண்டாம், சாயம் ஒட்டலாம். கைப்பிடித் தையல் இரண்டு வருடத்துக்குள் விட்டால் இலவசமாகத் தைத்துத் தருகிறோம். கூரியர் செலவு போக வர உங்களுடையது."

இதில் நிறுவனரின் கதை ஒரே ஒரு வரிதான். பழைய வேலையில் திரும்பி வந்த பைகளைப் பார்த்தவர் என்பது மட்டும். அவர் வேலையை விட்ட துணிச்சலும் அப்பா கோபப்பட்டதும் இதில் இல்லை. கைப்பிடியை ஏன் கையால் தைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரி பதில் சொல்கிறது, அதனால் அதற்கு அங்கே இடம் உண்டு. அப்பாவின் கோபத்துக்கு வேறு ஒரு நாள், வேறு ஒரு படம் கிடைக்கும்.

முதல் இரண்டு வரியும் யோசித்து வைத்தவை. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம் என்றாலும் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்குத் தெரிவது தொடக்கம் மட்டும்தான், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். தமிழில் இன்னும் நெருக்கடி. நமக்கு 'தோல்' இரண்டு எழுத்து, கணினிக்குக் கொம்பும் புள்ளியும் சேர்த்து நான்கு. விற்கிறவரே 'முழுக்கக் கையால் தைக்கவில்லை' என்று ஆரம்பித்தால் ஏன் என்று பார்க்கத் தோன்றும்.

மாஸ்டர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனர் கதை என்ற பெயரில் வரும் பல பதிவுகளில் வெட்டுபவரும் தைப்பவரும் காணாமல் போய்விடுகிறார்கள், அல்லது முகம் இல்லாத இரண்டு கைகளாகப் படத்தில் வருகிறார்கள். தோல் தொழிலைத் தலைமுறைகளாகத் தாங்கியவர்கள், அதற்காகவே ஊரால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் கைத்திறனை 'என் கைவினை' என்று இன்னொருவர் எழுதுவது எனக்கு உறுத்துகிறது. அவர் சம்மதித்தால் பெயர் போட வேண்டும், எத்தனை வருட அனுபவம் என்று எழுத வேண்டும். சம்மதிக்காவிட்டால் 'எங்கள் மாஸ்டர்' என்பதோடு நிறுத்த வேண்டும். அவர் வீட்டுக் கஷ்டத்தை எழுதிப் பை விற்பது மட்டும் கூடாது.

எழுதாமல் விட்ட சொற்களும் உண்டு. பட்டைத் தோல் என்றதும் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று சேர்க்கக் கை பரபரக்கும். பாலாற்றங்கரைக்காரர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடிப்படையானது. பட்டைச் சாற்றில் பதனிட்டாலும் கழிவுநீர் வரத்தான் செய்யும், அது எங்கே போகிறது என்று பெரியமேட்டில் தோல் வாங்கியவருக்குத் தெரியாது. தெரியாததை எழுதாமல் இருப்பது நல்லது, சட்டமும் அதைத்தான் கேட்கிறது. இத்தகைய பசுமைச் சொற்களுக்கு ஆதாரம் வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. 'வாழ்நாள் முழுக்க' என்பதும் அந்த ரகம்தான். யாருடைய வாழ்நாள்? 'இரண்டு வருடம், கைப்பிடித் தையல் மட்டும், கூரியர் உங்களுடையது' என்பது சின்ன வாக்கு, ஆனால் காப்பாற்றக் கூடியது.

பெரும்பாலும் தடுமாறுவது இரண்டாவது லாட்டில். முதல் இருபத்தைந்து பை விற்றபின் பெரியமேட்டில் அதே தோல் கிடைக்காமல் போகலாம். கடைக்காரர் அதே நிறத்தில் குரோம் தோலைக் காட்டுவார், தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும், நிறுவனரும் எடுத்துவிடுவார். அதில் குற்றமில்லை. ஆனால் பழைய கேப்ஷன் நன்றாக ஓடியதே என்று அதையே திரும்பப் போடுவார்கள். அதில் 'பட்டையில் பதனிட்ட' என்ற சொற்கள் அப்படியே இருக்கும். முதல் லாட்டில் வாங்கியவர் தங்கைக்கு இன்னொன்று வாங்குவார். இரண்டு பைகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் விளிம்பு பழுப்பு, மற்றதில் நடுவே நீலக் கோடு. ஆகவே பெரியமேட்டிலிருந்து தோல் வந்து இறங்கும் அன்றே கேப்ஷனையும் எடுத்துத் திருத்திவிட வேண்டும். கனம், பதனீடு, ஒரு தோலுக்கு எத்தனை பை என்ற மூன்றையும் பார்த்தால் போதும், அரை மணி நேர வேலைதான்.