ராத்திரி ரயிலில் பெட்டி பத்திரம்

எழும்பூரில் இரவு ஒன்பது மணிக்கு மேல் புறப்படும் மதுரை ரயிலுக்கு டிக்கெட் போடும்போது முதுகுவலி, முழங்கால்வலி என்று சொல்லித்தான் எல்லோரும் லோயர் பெர்த் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் பெட்டிதான்.

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் பெர்த் எண்ணை 8ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1 அல்லது 4 என்றால் லோயர். 33ஆம் எண் கிடைத்தால் மீதி 1, லோயர்தான். சீட்டுக்கு அடியில் இரும்பு வளையங்கள் இருக்கும். அவற்றில் சங்கிலியைக் கோத்துப் பூட்டலாம். அந்த இடம் லோயர்காரருக்கு மட்டும் சொந்தமல்ல. மிடில், அப்பர்காரர்களும் வைக்கலாம். ஆனால், கீழே படுத்தவருக்குத்தான் சத்தம் கேட்கும். அப்பர் ஏறினால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்பவர்களும் உண்டு. அவர்கள் பெட்டி இல்லாமல் பயணம் போகிறவர்களாக இருக்க வேண்டும்!

சங்கிலியை, நீட்டி மடக்கும் இழுகம்பியில் மாட்டாதீர்கள். பெட்டியோடு தைத்த பக்கவாட்டுப் பிடியில் மாட்டுங்கள். ஜிப் இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கட்டும். பூட்டு அப்படியே தொங்க, ஜிப்பைத் திறந்து பொருளை எடுத்துவிட முடியும். நகை, பணம், போன் அந்தப் பெட்டியில் வேண்டாம். சின்னப் பையில் போட்டு, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு படுங்கள். ஸ்லீப்பரில் ஜன்னலோரம் போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கண்ணயராதீர்கள்.

ஏசியில் பயமில்லை என்பார்கள். போர்வையும் தலையணையும் அங்கே கிடைக்கும், வெளியாள் நடமாட்டமும் குறைவுதான். ஆனால் நடுநிசியில் திருச்சியில் இறங்குகிறவர் கையில் இருப்பது யார் பெட்டி என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் விட்டுப் பொடி தடவிய இட்லி கட்டிக்கொள்ளுங்கள். சாப்பாடு தேடி விழுப்புரத்தில் இறங்கினால் பெட்டியைக் காக்க ஆள் இருக்காது.

திண்டுக்கல்லில் இறங்குகிறவர்களுக்குத்தான் கூடுதல் சிக்கல். ரயில் விடிவதற்கு முன்பே போய்விடும். பதற்றத்தில் பூட்டை முன்கூட்டியே திறந்துவிட்டு முகம் கழுவப் போவார்கள். 139க்கு அழைத்து, ஊர் வருவதற்கு முன் எழுப்பிவிடும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். முகம் கழுவி வந்த பிறகே பூட்டைத் திறங்கள்.

அப்படியும் பெட்டி போய்விட்டால்? ரசீது போட்டு ஒப்படைக்காமல் நாமே கொண்டுபோகும் பெட்டிக்கு, ஊழியரின் அலட்சியமோ தவறோ நிரூபணமானால்தான் ரயில்வே பொறுப்பேற்கும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவு சொல்வது அது. இதற்காகப் பாதி வழியில் இறங்கிப் போலீஸ் நிலையம் தேட வேண்டியதில்லை. ஓடும் ரயிலிலேயே டிக்கெட் பரிசோதகரிடம் புகார்ப் படிவம் வாங்கி, எழுதிக் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.