திட்டும் சாபமும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பிறரை வைது பேசும் பேச்சுக்கு ஒரே பெயர் வழங்குவதில்லை. தாய் பிள்ளையைக் கண்டிப்பது ஏச்சு. பெயர் சொல்லாமல் குத்திப் பேசுவது சாடை. நேருக்கு நேர் நின்று இழிவு சொல்வது திட்டு. உடலுறுப்புகளையும் தாயையும் தமக்கையையும் இழுத்துப் பேசும் கெட்ட வார்த்தை தூஷணம். இவை எல்லாவற்றுக்கும் அப்பால் நிற்பது சாபம். இளைய தலைமுறையினர் இவற்றுள் தூஷணத்தையே மிகக் கேவலமானதாகக் கருதுவர். ஊர் மூத்தவர்களின் கணக்கு வேறு. தூஷணம் பேசியவனை, "சீ, வாயைக் கழுவு" என்று விரட்டிவிடும் பெரியவர், ஒரு கெட்ட சொல்லுமில்லாத சாபத்தைக் கேட்டால் எழுந்து நின்றுவிடுவார். இதன் காரணம் யாது?

விடையின் ஒரு பகுதி நமது இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒருவனை "நாயே" என்று திட்டும்போது, அவன் இப்போது இன்னான் என்று சொல்கிறோம். அது பொய் என்பது சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். "நாசமாய்ப் போக!" என்னும்போதோ அவன் இனி என்ன ஆகவேண்டும் என்று சொல்கிறோம். இந்த வினைவடிவை வியங்கோள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்குக்கும் அது பொது. "வாழ்க" என்பதும் "ஒழிக" என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. மணவறையில் பெரியவர்கள் அறுகரிசி தூவிச் சொல்லும் வாழ்த்துப் பலிக்கும் என்று நம்புகிற ஒரு சமூகம், அதே வடிவில் வரும் வைதல் மட்டும் காற்றோடு போய்விடும் என்று எப்படி நம்பும்? சாபத்துக்கு அஞ்சுவது வாழ்த்தை மதிப்பதன் மறுபக்கமேயாகும்.

யாழ்ப்பாணத்து வசைச் சொற்கள் பலவும் எதிர்காலத்தையே சுட்டுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. குறுக்காலை போவான், கட்டையிலை போவான், பாடையிலை போவான், கோதாரியிலை போவான், அறுவான் என்பன அவற்றுட் சில. குறுக்காலை போவான் என்றால் ஆயுளின் நடுவழியில் போய்விடுவான் என்பது கருத்து. கட்டை என்பது சுடலையில் அடுக்கும் விறகு. கோதாரி என்பது வாந்திபேதி போன்ற கொள்ளைநோயைக் குறித்த சொல். இவற்றோடு வாய்க்கரிசி, கொள்ளி என்பனவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். சாபத்தின் சொற்களஞ்சியம் முழுவதும் செத்தவீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. சபிப்பவர் எதிராளியின் மரணச் சடங்கை முன்கூட்டியே நடத்திக் காட்டுகிறார்.

ஆனால், இந்தச் சொற்கள் எல்லாம் எப்போதும் சாபமாகிவிடுவதில்லை. "கோதாரியிலை போவானே, சோத்தைத் திண்டிட்டுப் போவன்" என்று மகனைக் கூப்பிடும் தாயின் வாயில் அது வெறும் சலிப்பு. "இதென்ன கோதாரி?" என்று பாத்திரத்தைக் கீழே போட்டவர் கூறுவதும் அப்படியே. நித்தம் புழங்கிப் புழங்கிக் கூர் மழுங்கிய சொற்கள் இவை. ஆகவே சொல்லைக் கொண்டு மட்டும் சாபத்தை அடையாளம் காண முடியாது. மூத்தவர்கள் வேறு சில குறிகளைப் பார்த்தார்கள். அவற்றை விளங்கிக்கொள்ள, ஊரில் எவருக்கும் பழக்கமான வேலிச் சண்டை ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்ட உயிர்வேலி. வருடந்தோறும் கிடுகு மாற்றி வேலி அடைக்கும் வேளையில் அயல்வீட்டுக்காரர் இரண்டு கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டுவிடுகிறார். இந்தப் பக்கத்து வளவில் இருப்பவர் ஒரு கைம்பெண் ஆச்சி. ஆண்துணை இல்லை. முதல்நாள் ஆச்சி நேரே எதுவும் பேசமாட்டார். தன் கோழியை விரட்டுவார்: "மற்றவையின்ரை வளவுக்கை கால் வைக்கிற புத்தி உனக்கு ஆர் பழக்கினது?" இது சாடை. அயலவர் விரும்பினால் கேளாதவர்போல இருந்துவிடலாம். இரவோடு இரவாகக் கதியாலைப் பழைய இடத்தில் நட்டும் விடலாம். மானம் போகாமல் பின்வாங்கச் சாடை வழிவிடுகிறது. அதனால் ஊர் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை.

வேலி அசையவில்லையென்றால் திட்டு தொடங்கும். மூதேவி, தரித்திரம், விசரன் என்று இரு பக்கமும் சொற்கள் பறக்கும். வீட்டு ஆண்கள் தூஷணத்தில் இறங்குவார்கள். ஒழுங்கையில் நிற்கும் பெரியவர்கள் பெண் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்வார்கள். ஆனால் பதறமாட்டார்கள். கோபம் கொட்டித் தீர்கிறது, நாளைக்கு இரண்டு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தூஷணம் ஆளோடு முடிந்துவிடும். அதற்குச் சாட்சி வேண்டியதில்லை. அதில் நியாயம் கேட்பதுமில்லை.

ஆச்சி திடீரென்று குரலைத் தாழ்த்தும்போதுதான் பெரியவர்களின் முகம் மாறுகிறது. கொண்டையை அவிழ்க்கிறார். குனிந்து வேலியடி மண்ணை ஒரு பிடி அள்ளுகிறார். கோயில் இருக்கும் திசையைப் பார்க்கிறார். "என்ரை மண்ணைத் திண்டவன்ரை குடி மண்ணாய்ப் போக! இந்த வளவிலை விளக்கேத்த ஆளில்லாமல் போக! அம்மாளாச்சி, நீ பார்த்துக்கொள்" என்று சொல்லி மண்ணைத் தூற்றுகிறார். இதில் தூஷணம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஊரின் கணக்கில் இதுவரை பேசிய அனைத்தையும்விட இது பாரதூரமானது.

பெரியவர்கள் இங்கே கண்ட குறிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது, சொன்னவர் யார் என்பது. வலியவன் சபித்தால் ஊர் சிரிக்கும். அவனுக்குத்தான் கையும் காலும் காசும் இருக்கின்றனவே. வழக்காடப் பணமும், கேட்க ஆளும் இல்லாதவரின் கடைசி ஆயுதம் சாபம். இரண்டாவது, காரணம் நியாயமானதா என்பது. "வாய் வாழ்த்தாவிட்டாலும் வயிறு வாழ்த்தும்" என்ற பழமொழியைத் திருப்பிப் போட்டால் வயிற்றெரிச்சல் என்ற சொல்லின் பொருள் விளங்கும். நியாயமில்லாமல் இட்ட சாபம் இட்டவரையே திரும்பிச் சேரும் என்பது நம்பிக்கை. ஆகையால் சபிப்பது சபிப்பவருக்கும் ஆபத்தானது. அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு ஒருவர் மண்ணை அள்ளினால், அவரது முறைப்பாட்டில் உண்மை இருக்கவேண்டும் என்று ஊர் யோசிக்கத் தொடங்கும்.

மூன்றாவது, சடங்குக் குறிகள். விரித்த தலை செத்தவீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்ணின் கோலம். மண் சண்டைக்குக் காரணமான பொருள், சாட்சி, மனிதன் கடைசியில் சேரும் இடம் ஆகிய மூன்றுமாகிறது. கோயிலை விளித்ததால் வழக்கு ஒழுங்கையிலிருந்து தெய்வத்தின் மன்றுக்குப் போய்விட்டது. நான்காவது, இலக்கு. கதியாலை அரக்கியவர் ஒருவர். சாபம் விழுந்தது அவர் குடியின்மேல், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின்மேல். "அறுதலி" என்ற சொல்லை மூத்த பெண்கள் அஞ்சியதும் இதனாலேயே. தாலியறுத்தவள் என்ற பொருளுடைய அச்சொல்லைக் கணவன் உயிரோடிருக்கும் பெண்ணை நோக்கி வீசினால், திட்டு வாங்குபவள் ஒருத்தி, சாகும்படி சொல்லப்படுபவன் இன்னொருவன். சண்டையில் இல்லாதவனைக் கொல்லும் சொல் அது.

சாபத்தை இன்னொருவர் வந்து துடைத்துவிட முடியாது என்பது ஐந்தாவது. தூஷணத்துக்கு மன்னிப்புக் கேட்டால் போதும். சாபத்தை இட்ட வாயே அதனைத் திரும்ப எடுக்கவேண்டும். எனவே பெரியவர்கள் ஆச்சியை அடக்க முயல்வதில்லை. "ஆச்சி, குஞ்சு குருமானைச் சொல்லாதேங்கோ. வேலிக் கதையை வேலியோடை வைச்சுக்கொள்ளுவம்" என்று ஒருவர் ஒரு செம்பு தண்ணீரை நீட்டுவார். மறுநாள் காலை கயிறு பிடித்து எல்லை பார்ப்பார்கள். கதியால் பழைய குழிக்குத் திரும்பும். அதன் பின்னரே, "சொன்னதை எடுத்துப்போடணை ஆச்சி" என்று கேட்பார்கள். ஆச்சி அயல்வீட்டுக் குழந்தையின் நெற்றியில் தன் கையால் திருநீறு பூசினால் ஊர் மூச்சுவிடும். வேலி திரும்பாமல் சாபம் மட்டும் திரும்பவேண்டும் என்று கேட்பது செல்லாது.

சொல்லின் சூட்டை ஆற்றவேண்டும் என்ற இந்த எண்ணம் நமது வழிபாட்டிலும் உண்டு. கண்ணகி மதுரையை எரித்தது நியாயம் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் சொல்லால். மட்டக்களப்புப் பிரதேசக் கோயில்களில் வைகாசி மாதத்தில் அந்த அம்மனுக்கு எடுக்கும் சடங்கின் நிறைவுக்குக் குளிர்த்தி என்றே பெயர். கோபம் பிழையென்று அங்கே யாரும் அவளிடம் சொல்வதில்லை. அவளது வழக்கைப் பாடி, பின்னர் குளிரச் செய்கிறார்கள். வேலியடியில் செம்புத் தண்ணீரை நீட்டியவர் செய்ததும் அந்த ஒழுங்கிலேதான்.

மூத்தவர்களின் இந்தத் தராசு பழுதற்றது என்று கொள்ளவும் முடியாது. சாதிப் பெயரைச் சொல்லி மேலிருந்து கீழே வீசிய வசைகளை அந்தத் தராசு பெரும்பாலும் நிறுக்கவேயில்லை. "மலடி" என்ற சொல் ஒருத்தியின் வாழ்நாள் முழுவதையும் தின்றபோதும், அது உள்ளதைச் சொன்னதுதானே என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. எதிர்காலத்தை அழிக்கும் சொல்லுக்கு அஞ்சிய சமூகம், நிகழ்காலத்தை அழித்த சொற்களைக் காணத் தவறியது. வலியவரின் வசைக்கு ஊரே பழக்கப்பட்டிருந்தது. எளியவரின் சாபம் மட்டுமே அதைத் திடுக்கிட வைத்தது.

இன்று கதியால் வேலிகள் நின்ற பல இடங்களில் மதில்கள் எழுந்துவிட்டன. போரும் இடப்பெயர்வும் அயலைக் கலைத்தன. 1995 இல் வலிகாமத்தைவிட்டு வெளியேறியவர்களுள் பலர் திரும்பி வந்தபோது பக்கத்து வளவில் பழைய ஆட்கள் இல்லை. மதிலுக்கு அப்பால் இருப்பவரின் பிள்ளைகளின் பெயரே தெரியாதபோது, குடியைச் சொல்லிச் சபிப்பதும் அரிது, திருநீறு பூசி மீட்பதும் அரிது. தூஷணத்துக்கு அயலும் வேண்டாம், நியாயமும் வேண்டாம். தெருவில் முன்பின் அறியாதவனைப் பார்த்தும் அதைச் சொல்லலாம். சாபத்துக்கோ ஒரு வழக்கு வேண்டும், சாட்சி வேண்டும், திரும்ப எடுக்கும்படி கேட்க நாலு பெரியவர்கள் வேண்டும். ஆச்சி மண்ணை அள்ளியபோது அந்த நாலுபேரும் எழுந்து நின்றது சொல் பலித்துவிடும் என்ற அச்சத்தால் மட்டுமல்ல. அரக்கிய கதியாலைக் கண்டும் காணாமல் ஒழுங்கையால் நடந்துபோன தங்களையும் அந்த மண் தொட்டுவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.