உஷார்! வட்டி கட்டியாச்சு, ஆனா கணக்குல ஏறலையா?

நகைக்கடன் வட்டியைக் கெடு நாளுக்கு முந்தின ராத்திரி போனில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்குத்தான் இது. போனில் பச்சை டிக் வந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று மட்டுமே அர்த்தம். அது உங்கள் அடகுக் கணக்கில் வரவு ஆனதா என்பது வேறு விஷயம்.

அல்சூரில் ஒரு அம்மா என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஒரு வருடம் முடிந்ததும் மொத்தமாகக் கட்ட வேண்டிய ரகம். வட்டி 27,000 ரூபாய், கெடு ஏப்ரல் 13, திங்கள். 11ஆம் தேதி இரண்டாவது சனிக்கிழமை, வங்கி இல்லை. அன்று ராத்திரி யுபிஐயில் பணம் அனுப்புகிறார். திங்கள் காலை மாத்தி வைக்கப் போனால் கவுண்டரில், "துட்டு பந்தில்லா மேடம்" என்கிறார்கள். திரையில் 27,000 பாக்கி அப்படியே நிற்கிறது. ஒரு வருடக் கெடுவில் மொத்தமாகக் கட்டும் கடனை, சேர்ந்த வட்டி வசூலான பிறகே புதுப்பிக்க முடியும் என்பது 2025 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதி. அதனால் வரவு ஏறாதவரை வேலை நடக்காது.

அடுத்து வழக்கமாக வரும் சமாதானம், "அஞ்சு நாள்ல தானா உங்க கணக்குக்கே திரும்பிடும், இப்போ ரொக்கமா கட்டிடுங்க". இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வைத்த கெடு இது: கடைக்கோ நிறுவனத்துக்கோ யுபிஐயில் அனுப்பி, அவர்களுக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், பணம் போன நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் இது பரிவர்த்தனை பாதியில் விழுந்தால்தான் பொருந்தும். கடன் கொடுத்தவரின் கணக்குக்கே பணம் போய், எந்தக் கடனுக்கு என்று தெரியாமல் ஒரு பொதுக் கணக்கில் நின்றால் அது தானாகத் திரும்பாது. நீங்கள் கேட்கும்வரை அங்கேயே கிடக்கும்.

ஏன் அப்படி நிற்கிறது? நான் முதலில் சந்தேகப்படுவது பழைய கடன் எண்ணைத்தான். ஒவ்வொரு முறை மாத்தி வைக்கும்போதும் பல இடங்களில் எண் மாறும். போனில் சேமித்து வைத்திருப்பதோ போன வருடத்து எண். கையிலிருக்கும் அடகுச் சீட்டை எடுத்து, பணம் அனுப்பிய எண்ணோடு கடைசி இலக்கம்வரை ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது ஆதாரம். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் கவுண்டரில் தலையாட்டுவார்கள், அதை வைத்துத் தேட முடியாது. தேடுவதற்கு வேண்டியது யுபிஐயின் 12 இலக்க எண். ஒரு செயலியில் அது UPI transaction ID என்றிருக்கும், இன்னொன்றில் UTR என்றிருக்கும். செயலி தானாகப் போட்டுக்கொள்ளும் எழுத்தும் எண்ணும் கலந்த நீள எண் வேறு, அதைக் கொடுத்து ஏமாறாதீர்கள். கூடவே உங்கள் வங்கியிலிருந்து 11ஆம் தேதி முதல் இன்று வரையிலான கணக்கு அறிக்கையை பிடிஎஃப்பாக எடுங்கள். பணம் போனது மட்டுமல்ல, திரும்பி வரவில்லை என்பதையும் அது காட்டும். "பணம் அனுப்பப்பட்ட வங்கியில் வரவாகிவிட்டது" என்று உங்கள் வங்கி எழுதிக் கொடுத்தால் வழக்கு பாதி முடிந்தது.

பிறகு ஒரே பக்கத்தில் கடிதம்: கடன் எண், தொகை, தேதி, நேரம், 12 இலக்க எண். கடைசியில் மறக்காமல், "பணம் செலுத்திய ஏப்ரல் 11 தேதியிலிருந்தே வரவு வைத்து, அதற்குப் பின் போட்ட வட்டியையும் அபராதத்தையும் நீக்கவும்" என்று கேளுங்கள். இதைக் கேட்காவிட்டால் கண்டுபிடித்த நாளில்தான் வரவு வைப்பார்கள். காலத்தில் கட்டினால் குறைந்த வட்டி என்ற திட்டமாக இருந்தால் சலுகையும் போகும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

ரொக்கமாக மறுபடி கட்டலாமா? கையில் இருந்தால் கட்டலாம், ஆனால் முந்தின 27,000 தேடப்பட்டு வருகிறது என்று எழுதி வாங்காமல் கட்டாதீர்கள். இல்லாதவர்கள் பயந்து கந்துவட்டிக்கு ஓட வேண்டாம். கெடு ஒரு நாள் தாண்டினதும் நகை ஏலத்துக்குப் போய்விடாது, முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். ஆனால் தாமதம் கடன் வரலாற்றில் பதிவாகலாம். அதனால்தான் கடிதம் அன்றே போக வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. அடகுச் சீட்டில் அச்சிட்ட எண் போதும். 12 இலக்க எண்ணைச் சொல்லலாம், ஓடிபியைச் சொல்லவே கூடாது.

கடிதம் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448. முத்திரை போட்ட அந்தப் பிரதியையும் வங்கி அறிக்கையையும் அங்கே இணைக்க வேண்டும்.