பிஎஃப்-ல 1,800 மட்டும் பிடிக்கச் சொல்லிட்டு மீதியை எஸ்ஐபி போடலாமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்

புது கம்பெனியில சேரும்போது எச்ஆர் கிட்ட இருந்து ஒரு மெயில் வரும். "உங்க பிஎஃப்-ஐ முழு பேசிக்குக்கும் பிடிக்கணுமா, இல்லை 15,000 ரூபாய்க்கு மட்டும் பிடிக்கணுமா?" ரெண்டாவதை டிக் பண்ணா மாசம் 1,800 ரூபாய்தான் போகும், கைக்கு வர்ற சம்பளம் கூடும். உடனே பக்கத்து சீட் நண்பர் சொல்வார்: "1,800 போடு மச்சி, மீதியை மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டா டபுள் ஆகும்."

அவர் சொல்றது சரியா? பாதி சரி. மீதிப் பாதியில்தான் உங்க ரிட்டயர்மென்ட் பணம் இருக்கு. ஒரு உதாரணத்தை எடுத்துக்கிட்டு முழுசா போட்டுப் பார்ப்போம்.

உங்க 12% எங்கே போகுது?

வயசு 28, பேசிக் 30,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. உங்க சம்பளத்துல இருந்து 12%, அதாவது 3,600 ரூபாய் இபிஎஃப்-க்குப் போகும். கம்பெனியும் அதே 3,600 போடும். ஆனா கம்பெனி போடுறது முழுசா பிஎஃப் கணக்குக்கு வராது. அதுல 1,250 ரூபாய் இபிஎஸ் என்கிற பென்ஷன் திட்டத்துக்குப் போயிடும். சட்டப்படி 15,000 ரூபாய் உச்சவரம்பில் 8.33% கணக்கிட்டா வர்ற தொகை இது. மீதி 2,350 மட்டும்தான் உங்க பிஎஃப்-ல சேரும்.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு. 2014 செப்டம்பர் 1-க்கு அப்புறம் முதல் முறையா பிஎஃப்-ல சேர்ந்து, சேரும்போதே பேசிக் 15,000-ஐத் தாண்டியிருந்தா, நீங்க இபிஎஸ் உறுப்பினர் ஆக முடியாது. கம்பெனி பங்கு முழுக்க பிஎஃப்-க்கே வரணும். உங்க பாஸ்புக்கைத் திறந்தா மூணு காலம் இருக்கும்: உங்க பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு. மேலே சொன்ன வகையில் நீங்க வந்தா மூணாவது காலம் பூஜ்யமா இருக்கணும். மாசம் 1,250 ஏறியிருந்தா இப்பவே எச்ஆர்கிட்ட சொல்லி சரிபண்ணுங்க. வேலை மாறும்போதோ பணம் எடுக்கும்போதோ கண்டுபிடிச்சா, பழைய கம்பெனியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பென்ஷன் வருமேன்னு நிம்மதியா இருக்கலாமா?

இபிஎஸ் பென்ஷனுக்கு ஒரு சூத்திரம் இருக்கு:

பென்ஷன் = (கடைசி 60 மாத சராசரி சம்பளம் × சர்வீஸ் வருடங்கள்) ÷ 70

இதுல "சம்பளம்"னா உங்க உண்மையான சம்பளம் இல்ல, 15,000 உச்சவரம்புதான். நீங்க ரிட்டயர் ஆகும்போது லட்ச ரூபாய் பேசிக் வாங்கினாலும் இதே 15,000தான் கணக்கு. 28-ல ஆரம்பிச்சு 58 வரை 30 வருஷம் வேலை பார்த்தா, 20 வருஷம் தாண்டினதுக்கு 2 வருஷம் போனஸா சேரும். ஆக, 15,000 × 32 ÷ 70. மாசம் சுமார் 6,857 ரூபாய்.

30 வருஷம் கழிச்சு வர்ற 6,857 ரூபாய்க்கு, விலைவாசி வருஷம் 6% ஏறினா, இன்றைய மதிப்பு சுமார் 1,200 ரூபாய். இந்த பென்ஷன் விலைவாசிக்கு ஏத்த மாதிரி தானா கூடவும் கூடாது.

இன்னொரு பக்கமும் பாருங்க. அதே 1,250 ரூபாய் பிஎஃப்-லயே 8.25% வட்டிக்கு 30 வருஷம் இருந்திருந்தா, சுமார் 18.5 லட்சம் ஆகியிருக்கும். வருஷத்துக்கு 82,000 சொச்சம் பென்ஷன்னா, அந்தத் தொகைக்கு நாலரை சதவீதம்கூட வரலை. முதலும் திரும்ப வராது.

அப்போ இபிஎஸ் வேஸ்ட்டா? அப்படிச் சொல்ல மாட்டேன். நீங்க சர்வீஸ்ல இருக்கும்போது இறந்துட்டா, ஒரு மாசம் மட்டுமே பணம் கட்டியிருந்தாலும் மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன் உண்டு. சின்ன குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். அதோட, இபிஎஸ்-ஐ மட்டும் வேண்டாம்னு விலகவும் முடியாது. அதனால இதை ஒரு குடும்பப் பாதுகாப்பா வெச்சுக்கோங்க. வயசான காலத்துக்கு மாச வருமானமா கணக்குல சேர்க்காதீங்க.

இப்போ உண்மையான போட்டி: 3,600 ரூபாய்

1,800 ஆப்ஷனை எடுத்தாலும் இபிஎஸ்-க்குப் போற 1,250 மாறாது. அதனால வித்தியாசம் இதுதான்: உங்க பக்கம் 1,800, கம்பெனி பக்கம் 1,800. மொத்தம் மாசம் 3,600 ரூபாய். இதை பிஎஃப்-ல விடுறதா, எஸ்ஐபி-ல போடுறதா?

கணக்கு எளிமையா இருக்க, சம்பள உயர்வை விட்டுட்டேன். 30 வருஷமும் அதே 3,600. நீங்க போடுற மொத்தப் பணம் 12.96 லட்சம்.

- பிஎஃப்-ல 8.25% வட்டிக்கு: சுமார் 53 லட்சம்
- ஈக்விட்டி ஃபண்ட்ல 8% கிடைச்சா: சுமார் 54 லட்சம்
- 10% கிடைச்சா: சுமார் 81 லட்சம்
- 12% கிடைச்சா: சுமார் 1.26 கோடி

விளம்பரங்கள்ல நீங்க பார்க்கிறது கடைசி வரி மட்டும்தான். 12% யாரும் எழுதிக் கொடுக்கிற வட்டி இல்ல. பிஎஃப் வட்டியும் நிரந்தரம் இல்லதான், வருஷா வருஷம் அறிவிப்பாங்க. 2021-22-ல 8.1%, 2023-24-லயும் 2024-25-லயும் 8.25%. ஆனா ஒரு வருஷம்கூட மைனஸ்ல போகாது.

அடுத்து வரி. அஞ்சு வருஷ தொடர் சர்வீஸ் முடிஞ்ச பிறகு எடுக்கிற பிஎஃப் பணத்துக்கு வரி இல்ல. ஈக்விட்டி ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சு வித்தா, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5% வரி. மொத்தத்தையும் ஒரே வருஷத்துல எடுத்தா, அந்த 81 லட்சம் 73 லட்சத்துக்குக் கிட்ட வந்துடும். கொஞ்சம் கொஞ்சமா வருஷங்களுக்குப் பிரிச்சு எடுத்தா வரி குறையும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தா, பிஎஃப்-க்குச் சமமா நிக்கவே ஃபண்ட் 30 வருஷ சராசரியா எட்டரை சதவீதம் தரணும். நீண்ட காலத்துல ஈக்விட்டிக்கு அது எட்டாத உயரம் இல்ல. அதனாலதான் நண்பர் சொன்னது பாதி சரின்னு சொன்னேன்.

மீதிப் பாதி எங்கே தப்பாகுது?

மூணு இடத்துல.

முதல்ல, அந்த 3,600 உண்மையிலேயே எஸ்ஐபி-க்குப் போகுதா? கைக்கு வந்த பணம் பைக் இஎம்ஐ-க்கும் வீட்டு வாடகைக்கும் போறது ரொம்ப சகஜம். பாதிப் பணம், அதாவது 1,800 மட்டும் எஸ்ஐபி-ல போனா, 10% கிடைச்சாலும் 30 வருஷத்துல சுமார் 41 லட்சம்தான். பிஎஃப்-ன் 53 லட்சத்தைவிடக் கம்மி! நல்ல ரிட்டர்ன் கிடைச்சும் நீங்க தோத்துட்டீங்க.

ரெண்டாவது, கம்பெனி பங்கு. சிடிசி-ல இருந்து குறையிற அந்த 1,800 உங்களுக்கு அலவன்ஸா திரும்பி வருதான்னு எச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க. வரலைன்னா பேச்சே வேண்டாம், முழு பிஎஃப் எடுத்துடுங்க, அது இலவசமா வர்ற பணம். அலவன்ஸா வந்தா அதுக்கு வரி உண்டு. புது வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு வருட சம்பளம் 12.75 லட்சம் வரை வரி வராது என்பதால், நம்ம உதாரணத்துல இருக்கிறவருக்குப் பிரச்சினை இல்ல. அதுக்கு மேல சம்பளம் வாங்கினா, பிஎஃப்-ல வரி இல்லாம சேர வேண்டிய அந்தத் தொகை வரி போகத்தான் உங்க கைக்கு வரும்.

மூணாவது, கடைசி வருஷங்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அதே வருஷம் அக்டோபர்ல 8,500 பக்கம் வந்துச்சு. அப்போ 30 வயசுல இருந்தவருக்கு அது எஸ்ஐபி-க்கு நல்ல விலை. 58 வயசுல இருந்தவருக்கு? ரிட்டயர்மென்ட் பணம் முழுக்க ஈக்விட்டியில இருந்திருந்தா, பாதிக்கு மேல காணாம போயிருக்கும்.

பிஎஃப் பக்கத்துல நடக்கிற பெரிய தப்பு

வேலை மாறும்போது பழைய பிஎஃப்-ஐ எடுத்துடறது. நம்ம உதாரணத்துல அந்த 3,600 மட்டும் அஞ்சு வருஷத்துல சுமார் 2.64 லட்சம் ஆகியிருக்கும். "சின்ன தொகைதானே"ன்னு தோணும். ஆனா அதைத் தொடாம விட்டா, மீதி 25 வருஷத்துல அது மட்டுமே சுமார் 19 லட்சம் ஆகும். 53 லட்சத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல, முதல் அஞ்சு வருஷப் பணத்துல இருந்துதான் வருது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா வரியும் உண்டு. டிரான்ஸ்ஃபர் பண்ணா பழைய சர்வீஸும் சேர்ந்தே கணக்காகும்.

அப்போ என்ன செய்யலாம்?

பிஎஃப்-ஐயும் மியூச்சுவல் ஃபண்டையும் போட்டியாளர்களா பார்க்காதீங்க. பிஎஃப்தான் உங்க போர்ட்ஃபோலியோவில் இருக்கிற கடன் முதலீடு. அது முழுசா ஓடுதுன்னா, ரிட்டயர்மென்ட்டுக்குத் தனியா எஃப்டி, டெட் ஃபண்ட்னு தேட வேண்டாம். வெளியே போடுற எஸ்ஐபி முழுக்க ஈக்விட்டியா இருக்கலாம். 50 வயசுக்கு மேல அந்த ஈக்விட்டியை மட்டும் மெதுவா குறைச்சுக்கிட்டு வாங்க.

கம்பெனி என்பிஎஸ் வசதி கொடுத்தா அதையும் பாருங்க. புது வரி முறையிலும் பேசிக்கில் 14% வரை கம்பெனி போடுற தொகைக்கு வரிக் கழிவு உண்டு. ஆனா முடிவுல ஒரு பங்குக்கு ஆன்யுட்டி வாங்கணும், மொத்தத்தையும் கையில தர மாட்டாங்க. 12.75 லட்சத்துக்கு மேல சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் இதுல பெரிய லாபம்.

1,800 ஆப்ஷன் யாருக்கு? ஏற்கனவே ரெண்டு மூணு வருஷம் எஸ்ஐபி-ஐ நிறுத்தாம ஓட்டினவங்க, கம்பெனி பங்கு முழுசா கைக்கு வர்றவங்க, சம்பளம் வர்ற மறுநாளே 3,600-க்கு ஆட்டோ டெபிட் போட்டு வைக்கத் தயாரா இருக்கிறவங்க. இந்த மூணும் உங்களுக்குப் பொருந்தினா தாராளமா எடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் முழு பிஎஃப்-ல இருங்க. பெரும்பாலான கம்பெனிகள் நடுவில மாத்த விடுறதில்ல, அதனால சேரும்போதே யோசிச்சு டிக் பண்ணுங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி பாஸ்புக்கைத் திறந்து அந்த மூணு காலத்தையும் பாருங்க. பழைய கம்பெனி பேலன்ஸ் தனியா கிடந்தா டிரான்ஸ்ஃபர் கோரிக்கை போட்டுடுங்க. உங்க பேசிக்கை வெச்சு இதே கணக்கைப் போட்டுப் பார்த்து சந்தேகம் வந்தா கீழே கேளுங்க, அடுத்த வீடியோவில் எடுத்துப் பேசலாம்.