ஸ்டோமா பை கசிகிறதா? முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள்

குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பலருக்கு, தையல் போட்ட காயத்தைவிட அதிகத் தொல்லை தருவது வயிற்றில் ஒட்டியிருக்கும் பைதான். பை கசியுது, தோல் எரியுது, ஒட்டின மறுநாளே கழன்று வருது. இப்படி நடக்கும்போது பையின் பிராண்டைக் குறை சொல்கிறோம். ஆனால் பல சமயம் கோளாறு, பையில் நாம் வெட்டிய ஓட்டையின் அளவில் இருக்கும்.

குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்த வாய்தான் ஸ்டோமா. மலம் அதன் வழியாக வெளியேறிப் பையில் சேரும். மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. அதற்கான அறுவையில் குடலை வெட்டி இணைத்த இடம் ஆறும்வரை, சிலருக்குச் சிறுகுடலில் தற்காலிக ஸ்டோமா வைப்பார்கள். இதற்குப் பெயர் இலியோஸ்டமி. பெருங்குடலில் வைத்தால் கோலோஸ்டமி. இந்த வித்தியாசம் முக்கியம். பெருங்குடலிலிருந்து வருவது ஓரளவு கெட்டியாக இருக்கும். சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீர் போல இருக்கும். அதில் உணவைச் செரிக்கும் நொதிகளும் கலந்திருக்கும். அந்த நொதிகளுக்கு உணவும் ஒன்றுதான், நம்ம தோலும் ஒன்றுதான்.

38 மில்லிமீட்டரில் தொடங்கும் பிரச்சினை

ஓர் உதாரணம். சுங்கை வே தொழிற்பேட்டையில் வேலை செய்யும் 54 வயது அப்பா ஒருவருக்கு இலியோஸ்டமி வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் அவருடைய ஸ்டோமாவின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். பையின் ஓட்டையைத் தாதி 38 மில்லிமீட்டருக்கு வெட்டினார். வேலை சுலபமாகட்டும் என்று மகள் அதே அளவில் ஒரு பெட்டிப் பைகளையும் முன்கூட்டியே வெட்டி அடுக்கிவிட்டாள்.

அறுவைக்குப் பிறகு ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரம்வரை அது சுருங்கிக்கொண்டே வரும். நான்காவது வாரத்தில் அப்பாவின் ஸ்டோமா 30 மில்லிமீட்டர்; பையின் ஓட்டையோ இன்னும் 38. சுற்றிலும் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் வெறுமையாக இருக்கிறது. அந்த வளையத்தில் மலம் தேங்குகிறது, தோல் புண்ணாகி நீர் கசிகிறது. ஈரமான தோலில் பசை பிடிக்காததால் இன்னும் கசிகிறது. மூன்று நாள் நிற்க வேண்டிய பை ஒரே நாளில் வந்துவிடுகிறது. அடிக்கடி பிய்த்து எடுப்பதால் தோல் மேலும் உரிகிறது.

தீர்வு ஓர் அளவு அட்டை. பைப் பெட்டியோடு வரும் அந்த அட்டையை வைத்து, முதல் எட்டு வாரம் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அளக்க வேண்டும். ஓட்டை ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருந்தால் போதும். இந்த அப்பாவுக்கு இப்போது 32 அல்லது 33. ஸ்டோமா வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், அதன் வடிவத்தையே தாளில் வரைந்து வெட்டுங்கள்.

மாற்றும்போது

காலையில் பசியாறுவதற்கு முன் மாற்றுவது நல்லது. குடல் அப்போது கொஞ்சம் அடங்கியிருக்கும். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் மேலிருந்து கீழாகப் பையை மெதுவாக உரியுங்கள். எடுத்ததைத் தூக்கிப் போடுமுன் ஒட்டும் தட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டையிலிருந்து ஓரம் நோக்கிப் பழுப்புக் கோடு போயிருந்தால், மலம் அந்த வழியாகத்தான் ஊர்ந்திருக்கிறது. அந்தத் திசையில் தோலில் மடிப்போ பள்ளமோ இருக்கிறதா என்று தேடுங்கள். பள்ளத்தை நிரப்ப ஸ்டோமா பசையோ வளையமோ கிடைக்கும்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீரே போதும். ஸ்டோமாவைத் துடைக்கும்போது துளி ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஸ்டோமாவில் வலி உணர்வு கிடையாது; எரிச்சல் என்றால் அது சுற்றியுள்ள தோலில்தான். நம்ம வீடுகளில் புண் என்றதும் தேங்காய் எண்ணெய், மஞ்சள், டெட்டால், முகப்பவுடர் என்று பாட்டியும் அத்தையும் வரிசையாக எடுத்து வருவார்கள். இங்கே எதுவும் வேண்டாம். எண்ணெயும் சாதாரணப் பவுடரும் பசையைப் பிடிக்க விடாது. தோல் புண்ணாகி ஈரமாக இருந்தால் மட்டும் ஸ்டோமாவுக்கென்றே விற்கும் பவுடரை லேசாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள். ஒட்டியபின் உள்ளங்கையால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். அதே சூட்டுக்காகத்தான் உபரிப் பைகளைக் காருக்குள் விட்டு வைக்கக் கூடாது. வெயிலில் பசை கெட்டுவிடும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்யுங்கள். கனம் கூடினால் தட்டை இழுத்துவிடும். தட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ தொடங்கினால் அது கசிவின் முதல் அறிகுறி. மேலே டேப் ஒட்டிச் சமாளிக்காமல் உடனே மாற்ற வேண்டும். பெரியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அப்பா, அரிக்குதுன்னா உடனே சொல்லுங்க, காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க" என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் ஆறு முதல் எட்டு வாரம் நார்ச்சத்து குறைந்த உணவு: கஞ்சி, குழைவான சோறு, மீன், முட்டை, தோலுரித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். தேங்காய்ப்பூ, கச்சான், சோளம், காளான், கங்கோங் தண்டு, அன்னாசி ஆகியவை சரியாக மெல்லாமல் போனால் இலியோஸ்டமியில் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது தண்ணீர் விஷயத்தை. இலியோஸ்டமி உள்ளவர்களுக்கு நீரோடு உப்பும் வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு 1.5 லிட்டருக்கு மேல் பையில் வந்தால் அது அதிகம். அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் வெளியேற்றம் இன்னும் கூடலாம். சிரப், தே தாரிக் போன்ற இனிப்புப் பானங்களும் அப்படித்தான். மருந்தகத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசலைக் குடித்து, மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். வீட்டில் ஓர் அளவுக் குவளை ஒதுக்கி வைத்தால் "நிறைய போகுது" என்பதற்குப் பதிலாக டாக்டரிடம் சரியான கணக்கைச் சொல்லலாம். தலைசுற்றலும், அடர் மஞ்சள் சிறுநீர் கொஞ்சமாகப் போவதும் நீர் வற்றுவதன் அடையாளங்கள்.

இலியோஸ்டமியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் பையில் எதுவும் வராமல், வயிற்றுப் பிடிப்பும் வாந்தியும் இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேதி மாத்திரை கொடுக்காதீர்கள். சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டிய ஸ்டோமா ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினாலும் அப்படியே.

வேலைக்குத் திரும்பும்போது

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பலர் சில வாரங்களில் திரும்பிவிடுகிறார்கள். நம்ம உதாரண அப்பாவைப் போலத் தொழிற்சாலையில் பாரம் தூக்குபவருக்கு அவ்வளவு சீக்கிரம் முடியாது. வயிற்றுச் சுவரில் ஸ்டோமாவுக்காக ஒரு திறப்பு இருக்கிறது. அழுத்தம் கூடினால் அதன் ஓரமாகக் குடல் பிதுங்கி ஹெர்னியா வரலாம். அதனால் முதல் ஆறு முதல் எட்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. வீட்டு கேஸ் தோம்பின் எரிவாயு மட்டுமே 14 கிலோ. அதை இளைய பிள்ளைகள் நகர்த்தட்டும். முதலாளிக்குக் கொடுக்கும் மருத்துவக் கடிதத்தில் பாரம் தூக்கும் வரம்பையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

வெளியே போகும்போது கைப்பையில் வெட்டி வைத்த ஒரு பை, கொஞ்சம் டிஷ்யூ, குப்பைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு மாற்றுச் சட்டை இருக்கட்டும். அங்காடிக் கழிப்பறையில் காலி செய்யும்போது கோப்பைக்குள் முதலில் டிஷ்யூ போட்டால் தெறிக்காது. பையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; காலி செய்து, கட்டி, குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது, பழைய பையின் ஒட்டும் தட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் ஸ்டோமா தாதியிடம் காட்டுங்கள். கசிவு எந்தப் பக்கம் என்பதை அவர் அதிலேயே கண்டுபிடித்துவிடுவார்.