ஜெர்மன்ல வந்த மெயிலை ஜிமெயில்லயே படிப்பது எப்படி? தமிழ் மெயிலுக்கும் ‘டிரான்ஸ்லேட்’னு கேட்டா எப்படி நிறுத்துவது?

சிவகாசி வட்டாரத்து அச்சகங்களில் ஓடும் ஆஃப்செட் மெஷின்களில் பல, வெளிநாட்டில் ஒரு ரவுண்டு ஓடி முடித்துவிட்டு இங்கே வந்தவை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க், ஜப்பானின் கொமோரி மாதிரி கம்பெனிகளின் செகண்ட் ஹேண்ட் மெஷின்களுக்கு இந்தப் பக்கம் எப்போதும் கிராக்கி உண்டு. முன்பெல்லாம் இதற்கு இடையில் ஒரு புரோக்கர் இருப்பார். இப்போ ஆன்லைனில் மெஷினைப் பார்த்து நேரடியாகவே விற்பவருக்கு மெயில் போடுகிறார்கள். நீங்கள் இங்கிலீஷில் கேட்டாலும், பதில் சில நேரம் ஜெர்மன்லயே வந்து இறங்கும்.

ஆலங்குளத்தில் இருந்து (தென்காசி ஆலங்குளம் இல்லை, சிமெண்ட் ஆலை இருக்கிற நம்ம விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம்) தினமும் பஸ் ஏறி சிவகாசி அச்சக ஆபீசுக்குப் போகும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் அப்படி ஒரு மெயில் வருது. முதலாளி, “என்னப்பா போட்டிருக்கான்?” என்று கேட்கிறார். மெயிலை காப்பி பண்ணி வேறு ஆப்பில் ஒட்டத் தேவையில்லை. மெயிலுக்குள்ளேயே மொழிபெயர்க்கலாம். ஆனால் அந்த மொழிபெயர்ப்பை எந்த அளவுக்கு நம்பி அட்வான்ஸ் அனுப்பலாம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

எங்கே தொடணும்?

கம்ப்யூட்டரில் ஜிமெயில் என்றால், மெயிலைத் திறந்து வலது பக்க மூன்று புள்ளியைத் தொட்டு Translate message கொடுக்கணும். மெயிலுக்கு மேலே ஒரு பட்டை வரும். அதில் எந்த மொழியிலிருந்து, எந்த மொழிக்கு என்று இரண்டு பெயர்கள் இருக்கும். இரண்டையும் நாமே மாற்றலாம். மெயில் எந்த மொழி என்று ஜிமெயில் தப்பாக ஊகித்திருந்தாலும் இங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

மொபைல் ஜிமெயில் ஆப்பில் இந்த வசதி 2023 ஆகஸ்டில்தான் வந்தது. உங்கள் ஜிமெயில் எந்த மொழியில் இருக்கிறதோ அதைவிட வேறு மொழியில் மெயில் வந்தால், மேலே Translate என்று ஒரு பட்டை தானாக எட்டிப் பார்க்கும். அது வராவிட்டால் அங்கேயும் மூன்று புள்ளி மெனுவில் அதே ஆப்ஷன் இருக்கும்.

எந்த மொழிக்கு மாற்றுவது? ஜெர்மன் வியாபார மெயில் என்றால் முதலில் இங்கிலீஷுக்கு மாற்றிப் பாருங்கள் என்பதே என் சிபாரிசு. ஜெர்மன் - இங்கிலீஷ் ஜோடியில் மெஷின் மொழிபெயர்ப்பு நன்றாகவே பழகியிருக்கிறது. வியாபாரச் சொற்களுக்கு இங்கிலீஷில் நிலையான இணைச்சொற்களும் உண்டு. தமிழில் படித்தால் வாக்கியம் புரிந்த மாதிரி இருக்கும், ஷரத்து நழுவியிருக்கும்.

ஐந்து வரி, ஐந்து சிக்கல்

செகண்ட் ஹேண்ட் மெஷின் ஆஃபர்களில் திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் கோர்த்து ஒரு மாதிரி மெயில் இது. விலையும் எண்களும் உதாரணத்துக்கு மட்டும்.

```
Heidelberg SM 74-4
Zählerstand: ca. 85 Mio.
Preis: 48.500,00 EUR netto, ab Standort, zzgl. Verladung
Angebot freibleibend, Zwischenverkauf vorbehalten
Gekauft wie gesehen, ohne Gewährleistung
```

முதல் வரி மெஷின் பெயர். நாலு கலர், 74 சென்டிமீட்டர் அகலத் தாள். இதை மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. இரண்டாவது வரி, மெஷின் இதுவரை எத்தனை தாள் ஓடியிருக்கிறது என்ற கவுண்டர் கணக்கு. Mio. என்றால் மில்லியன். அதாவது எட்டரைக் கோடி. காரில் ஓடிய கிலோமீட்டர் மாதிரி, விலை பேசும்போது முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். மொழிபெயர்ப்பில் அந்தச் சுருக்கெழுத்து அப்படியே நின்றுவிட்டால், 85-ஐ மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிவிடக்கூடாது.

மூன்றாவது வரியில் புள்ளியும் கமாவும் நம்ம ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, பைசாவைப் பிரிக்க கமா. ஆக இது நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு யூரோ. மொழிபெயர்ப்பு இந்த எண்ணைச் சில நேரம் மாற்றும், சில நேரம் அப்படியே விட்டுவிடும். ஒரே மெயிலில் இரண்டும் கலந்து வந்தால் குழப்பம்தான். அதனால் எண்களை மட்டும் ஒரிஜினலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வரியில் இருக்கும் மீதி வார்த்தைகள் இன்னும் முக்கியம். netto என்றால் வரி சேர்க்காத விலை. ab Standort என்றால் மெஷின் இப்போ நிற்கிற இடத்திலிருந்து நாமே எடுத்துக்கணும். zzgl. Verladung என்றால் லாரியில் ஏற்றும் கூலியும் தனி. ஆக, அந்த விலை மெஷின் அங்கே தரையில் நிற்கும்போது உள்ள விலை. அங்கே கழற்றுவது, ஏற்றுவது, துறைமுகம் வரை லாரி, தூத்துக்குடி வரை கப்பல், இங்கே சுங்கம் எல்லாம் மேலே வரும். மொழிபெயர்ப்பில் இந்த வரி ‘இடத்திலிருந்து’ என்று சாதுவாக நிற்கும். படிப்பவருக்கு அது செலவுக் கணக்காகவே தோன்றாது.

நாலாவது வரிதான் பெரிய பொறி. freibleibend என்பதில் frei இருக்கிறதே என்று இலவசம் என்ற பக்கம் போய்விடக்கூடாது. இந்த ஆஃபர் எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அர்த்தம். அடுத்த பகுதி, நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவருக்கு விற்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறது. இங்கிலீஷில் subject to prior sale என்று வந்தால் மொழிபெயர்ப்பு சரி. வேறு ஏதாவது விநோதமான வாக்கியம் வந்தால் அந்த வரியை விற்பவரிடமே இங்கிலீஷில் கேட்டுவிடுங்கள். மெயிலைப் பிரிண்ட் எடுத்து, “விலை கன்ஃபர்ம் ஆயிடுச்சு சார்” என்று முதலாளியிடம் சொல்ல இந்த ஆஃபரில் இடமே இல்லை.

கடைசி வரி: பார்த்தது பார்த்தபடி வாங்கியது, உத்தரவாதம் கிடையாது. மெஷினை நேரில் பார்த்து வாங்குபவருக்கு எழுதிய வரி இது. போட்டோவும் வீடியோவும் மட்டும் பார்த்துவிட்டு சிவகாசியில் இருந்து வாங்குபவருக்கும் இதையே பொருத்துவார்கள். இது இருந்தால், ஓடும் வீடியோ, டெஸ்ட் பிரிண்ட் எல்லாம் வாங்கிய பிறகே பணப் பேச்சு.

மெயிலுக்குள் எது மாறாது?

டிரான்ஸ்லேட் தொட்டால் மெயிலில் டைப் அடித்த எழுத்து மட்டும்தான் மாறும். இணைத்திருக்கும் பிடிஎஃப், போட்டோவில் இருக்கும் எழுத்து, ஸ்கேன் பண்ணிய இன்வாய்ஸ் எதுவும் மாறாது. ஷரத்துகள் பெரும்பாலும் அந்த பிடிஎஃப்பில்தான் இருக்கும் என்பது வேடிக்கை.

இன்னொன்று, மொழிபெயர்ப்பு உங்கள் ஸ்க்ரீனுக்கு மட்டும். அந்த மெயிலை முதலாளிக்கு ஃபார்வர்ட் பண்ணினால் ஜெர்மன்தான் போகும். அவருக்கும் புரியணும் என்றால் மொழிபெயர்த்த எழுத்தை காப்பி பண்ணி மேலே ஒட்டுங்கள், கீழே ஒரிஜினல் இருக்கட்டும்.

மோசடி விஷயத்திலும் ஜாக்கிரதை. எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு, இந்தக் கணக்குக்கு அனுப்புங்க என்று வரும் போலி மெயிலை, மொழி தெரிந்தவர் அதன் தப்பும் தவறுமான நடையை வைத்தே சந்தேகப்பட்டுவிடுவார். மொழிபெயர்ப்பு அந்தத் தப்புகளை எல்லாம் இஸ்திரி போட்டுச் சுத்தமாக்கிக் கொடுத்துவிடும். அப்போ பார்க்க வேண்டியது கணக்கு எண். ஐரோப்பியக் கணக்கு எண்ணான ஐபானின் முதல் இரண்டு எழுத்து நாட்டைச் சொல்லும். ஜெர்மனி என்றால் DE, மொத்தம் 22 எழுத்து. ஜெர்மன் வியாபாரியின் ‘புதுக் கணக்கு’ வேறு நாட்டு எழுத்தில் தொடங்கினால், மெயிலுக்குப் பதில் போடாமல், பழைய நம்பருக்குப் போன் அடியுங்கள். DE என்றே இருந்தாலும் கணக்கு மாறியதாகச் சொன்னால் போன் அவசியம்.

தமிழ் மெயிலுக்கு எதுக்குப்பா டிரான்ஸ்லேட்?

நம்மில் பலர் ஜிமெயிலை இங்கிலீஷில் வைத்திருக்கிறோம். அதனால் தமிழில் வரும் மெயிலும் ஜிமெயிலுக்கு ‘வெளி மொழி’தான். ஒவ்வொரு முறையும் பட்டை நீட்டும். அதில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட்டால் அந்த மெயிலுக்கு மட்டும் போகும், அடுத்த மெயிலில் திரும்பி வரும்.

நிரந்தரமாக நிறுத்த, கம்ப்யூட்டரில் அதே பட்டையில் Turn off for: Tamil என்று இருப்பதைத் தொடணும். மொபைலில் பட்டையில் இருக்கும் செட்டிங்ஸுக்குள் போய், தமிழை மொழிபெயர்க்க வேண்டாம் என்பதைத் தேர்வு செய்யணும். வார்த்தைகள் வெர்ஷனுக்கு வெர்ஷன் லேசாக மாறலாம். இதைத் தொடும் முன் அங்கே எந்த மொழியின் பெயர் இருக்கிறது என்று ஒரு நொடி பாருங்கள். ‘machine eppo varum, load anuppiyacha’ என்று தங்கிலீஷில் வரும் மெயிலை, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மொழி என்று ஜிமெயில் நினைக்க வாய்ப்பு உண்டு. அது ஜெர்மன் என்று நினைத்து, நீங்களும் கடுப்பில் நிறுத்திவிட்டால், நிஜ ஜெர்மன் மெயில் வரும்போது பட்டை வராது. பயப்பட வேண்டாம், மூன்று புள்ளி மெனுவில் இருந்து அப்பவும் கையால் மொழிபெயர்க்கலாம்.

ஜெர்மனுக்கு Always translate வைத்துவிடலாமே என்று தோன்றும். வியாபார மெயிலுக்கு அது வேண்டாம். ஒரிஜினலைப் பார்க்கும் பழக்கமே போய்விடும், மேலே சொன்ன புள்ளி-கமா சமாச்சாரம் எல்லாம் கண்ணில் படாது.

ஆபீசில் அவுட்லுக் என்றால் வழி இன்னும் தெளிவு. புது அவுட்லுக்கிலும் வெப்பிலும் Settings, அதில் Mail, அதில் Message handling போனால் Translation பகுதி இருக்கும். எப்போதும் மொழிபெயர், கேட்டுவிட்டு மொழிபெயர், மொழிபெயர்க்கவே வேண்டாம் என்று மூன்று தேர்வு. நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டு, கேட்க வேண்டாத மொழிகள் பட்டியலில் தமிழைச் சேர்த்துவிட்டால் போதும்.

இவ்வளவு செய்தும் கம்ப்யூட்டரில் டிரான்ஸ்லேட் பெட்டி வந்துகொண்டே இருந்தால், அது ஜிமெயில் கேட்பதாக இருக்காது. பெட்டி மெயிலுக்கு மேலே இல்லாமல், அட்ரஸ் பாருக்குக் கீழே தொங்கினால் அது குரோம் பிரவுசர் கேட்பது. அந்தப் பெட்டியின் மூன்று புள்ளியில் Never translate Tamil கொடுங்கள். அல்லது குரோமின் Settings உள்ளே Languages பகுதியில், மொழிபெயர்க்க வேண்டாத மொழிகளில் தமிழைச் சேருங்கள்.