பொய் வலியும் பிரசவ வலியும்

பொய் வலி என்பது பிரசவம் தொடங்கும் முன்பே கருப்பை இறுகித் தளர்வதால் உண்டாகும் வலியாகும். ஆங்கிலேய மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872-இல் இதனை விவரித்தார். தமிழ்நாட்டில் இது சூட்டு வலி எனவும் அழைக்கப்படுகிறது. சீரகக் கசாயம் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் கடிகாரமே கூடுதலாக நம்பத்தக்கது.

ஒவ்வொரு வலியும் தொடங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 9.00, 9.20, 9.27, 9.50 என ஒழுங்கின்றி வந்து, ஓய்வெடுத்தாலோ நடந்தாலோ அடங்கினால் அது பெரும்பாலும் பொய் வலி. 9.00, 9.10, 9.19, 9.27 என இடைவெளி குறுகி, எப்படி இருந்தாலும் வலி கூடிக்கொண்டே போனால் அது பிரசவ வலி.

முதல் பிரசவத்தில், 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம் என்பது பொது விதி. இது மருத்துவமனைக்கு அருகில் வசிப்போருக்கே பொருந்தும். நெம்மேலியிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். எனவே அங்குள்ளோர் 10 நிமிட இடைவெளியிலேயே 108 ஆம்புலன்சை அழைப்பது நல்லது. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் விரைவாக நடப்பதால் இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

பனிக்குடம் உடைதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், 37 வாரத்துக்கு முன் ஒழுங்காக வரும் வலி ஆகியவற்றில் எதுவாயினும் இடைவெளியை எண்ணாமல் உடனே செல்ல வேண்டும்.